பதின்மூன்றாவது மாதம்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய மூவாயிரம் ரூபாய் அம்மா கணக்கில் ஏறிவிட்டது. போனில் கேட்டால் "ம், நல்லா இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் அப்பா எழுத உட்கார்ந்தேன். வேளாவேளைக்குச் சாப்பிடு சாமி. ஓசூரில் அறைப் பக்கத்தில் நல்ல மெஸ் இருக்கிறதா என்று அம்மா கேட்கிறாள்.

இங்கே ஆடிப் பண்டிகை களைகட்டிவிட்டது. கோட்டை மாரியம்மன் கோயில் பக்கம் வண்டியில் போக முடியவில்லை. ஆயாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. வெள்ளி கிலோ ஒரு லட்சத்தைத் தாண்டிய பிறகு பட்டறைக்குக் கொலுசு ஆர்டர் குறைந்துவிட்டது. வாரத்தில் நாலு நாள் வேலை இருந்தால் பெரிது. அதை நினைத்து நீ பணம் அனுப்ப வேண்டாம்.

போன மாதம், 2025 ஜூலை 12ஆம் தேதி, குரூப் 4 நடந்தது. நீ எழுதினாயா என்று நான் கேட்கப் போவதில்லை. போன முறை எழுதியபோது பெரிய மாமா, "பத்தாவது படிச்சவன் எழுதுற பரீட்சை, இன்ஜினியர் பாஸ் பண்ணலையா?" என்று சிரித்தாரே, அன்று நானும் கூடச் சிரித்தேன். 300க்கு 90 எடுத்தால் அது பாஸ்தான், நீ அதைப் போல இரண்டு பங்குக்கு மேல் எடுத்திருந்தாய் என்று எனக்கு அப்போது தெரியாது. முதலில் அறிவித்த 6,244 இடத்துக்கு 20 லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்திருந்தார்கள். ஒரு இடத்துக்கு முந்நூறு பேருக்கும் மேல். 200 கேள்வியில் 161 சரியாக எழுதியவனை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு நான் மாமாவோடு சேர்ந்து சிரித்தேன். அந்த மதிப்பெண்ணை இப்போது பட்டறையில் எல்லோரிடமும் சொல்கிறேன். இதை அப்போதே நீ என்னிடம் விவரமாகச் சொல்லியிருக்கலாம். சரி, நான் கேட்கும் நிலையில் இருந்தேனா என்பது வேறு.

தங்கச்சியைப் பெண் பார்க்க வந்த அன்று நடந்ததைப் பற்றி நாம் பேசவே இல்லை. "பையன் என்ன பண்றான்?" என்று அவர்கள் கேட்டார்கள். நீ காபித் தட்டோடு நின்றாய். "எங்க வீட்டு வெட்டி ஆபீசர்" என்றேன். அவர்கள் அந்த வார்த்தையைச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டால் அது விளையாட்டாகப் போய்விடும், நமக்கு அவமானம் இருக்காது என்று நினைத்தேன். எனக்கு அவமானம் இல்லாமல் போயிருக்கலாம். உன் கை நடுங்கித் தட்டில் காபி சிந்தியதை அம்மா பார்த்தாளாம்.

நம் தெருத் தமிழ் ஐயாவிடம் ஒருநாள் இந்தப் பேச்சு வந்தது. சோழர் காலக் கல்வெட்டுகளில் வெட்டி என்றால் கூலி வாங்காமல் செய்யும் கட்டாய வேலை என்றார். சும்மா இருப்பது அல்ல, சம்பளம் இல்லாமல் உழைப்பது. அதைக் கேட்டதிலிருந்து மனசு சரியில்லை. ஆயாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது, ரேஷன் கடையில் நின்றது, கரண்ட் பில் கட்டியது, பட்டறைக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றியது எல்லாம் நீ. அதற்கு ஒரு நாள் கூலி நான் எண்ணிப் பார்த்ததில்லை.

வெட்டியையாவது ஊரே சொல்கிறது. தண்டச்சோறு என்ற வார்த்தையை நம் வீட்டில் முதலில் சொன்னது நான். எப்போது சொன்னேன் என்று பாஸ்புக்கை எடுத்து வைத்துப் பார்த்தேன். நீ படித்து முடித்தது 2023 மே மாதம். அதற்கப்புறம் ஒரு வருஷம் யார் கேட்டாலும் "தேடிக்கிட்டிருக்கான்" என்றுதான் சொன்னேன். உன்னை நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கல்விக் கடனுக்குப் படிப்பு முடிந்தும் ஒரு வருஷம் தவணை கிடையாது. பதின்மூன்றாவது மாதம், 2024 ஜூனில், முதல் தவணை ஏழாயிரம் போனது. அந்த வாரம்தான் அந்த வார்த்தை என் வாயில் வந்தது. நீ மாறவில்லை தம்பி. அதே அறையில் அதே புத்தகத்தோடுதான் இருந்தாய். மாறியது பாஸ்புக்.

அதிலிருந்து நீ நான் பட்டறைக்குப் போன பிறகுதான் சாப்பிட்டாய். ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருந்தால் "பசிக்கல" என்பாய். தட்டை நீயே கழுவி வைத்துவிடுவாய். இரண்டாம் முறை சோறு கேட்டதே இல்லையாம். அம்மா இதையெல்லாம் நீ ஊரை விட்டுப் போன பிறகுதான் சொன்னாள். எனக்குக் கண் இருந்தும் தெரியவில்லை. அதனால்தான் சாப்பிடு, சாப்பிடு என்று எழுதுகிறேன். வேலை எது என்றுகூடக் கேட்கவில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். இதை அம்மாவிடமும் சொன்னதில்லை. வருஷத்துக்கு 95,000 என்று நாலு வருஷம் வாங்கிய கடன் 3,80,000. தவணை தொடங்கும்போது அது ஐந்து லட்சத்தைத் தாண்டியிருந்தது. அந்த வட்டியை நாம் கட்டியிருக்கவே வேண்டாம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு நாலரை லட்சத்துக்குள் இருந்து, ஈடு வைக்காத கடனாக, அங்கீகாரம் உள்ள கல்லூரியாக இருந்தால், படிக்கும் காலத்துக்கும் அடுத்த ஒரு வருஷத்துக்குமான வட்டியை மத்திய அரசு மானியமாகக் கொடுக்கும். நம் கடனுக்கு எல்லாம் பொருந்தியது. தாசில்தார் கொடுக்கும் வருமானச் சான்றிதழை வாங்கி வங்கியில் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் வருஷமே நீ என்னிடம் கேட்டாய். படிவத்தைக் கூட நீயே நிரப்பி என் சட்டைப் பையில் வைத்தாய். கூட்டாளிகள் முன்னால் ஏழை என்று சான்றிதழ் வாங்கி நிற்பதா என்று எனக்கு வீம்பு. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றேன். அடுத்த வருஷமும் அதையே சொன்னேன். கொடுத்துவிட்டேன் என்று உன்னிடம் பொய் சொன்னேன். ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல் வட்டியாகச் சேர்ந்தது என்னால். தண்டம் என்றால் சும்மா கட்டி அழுத காசு. அதைக் கட்ட வைத்தவன் நான். சோறு சாப்பிட்டவனைப் பார்த்து அந்தப் பேரைச் சொன்னேன்.

எனக்கு இருபத்துநாலு வயதில் பட்டறை மூடி பதினோரு மாதம் வேலையில்லாமல் இருந்தேன். உன் தாத்தா யார் கேட்டாலும் "பையன் என்கூட இருக்கான்" என்றுதான் சொல்வார். நான் எட்டாவது படித்தவன், என் மேல் யாரும் கடன் வாங்கிப் போட்டிருக்கவில்லை. உன் மேல் போட்டோம், அந்தப் பாரத்தை உன் தலையிலேயே வைத்தோம்.

பாஸ்புக் நகலை இதோடு வைத்திருக்கிறேன், பார்த்துக்கொள். தவணையை இனி நான் கட்டுகிறேன். தங்கச்சி கல்யாணப் பேச்சு நின்றது உன்னால் இல்லை, அவர்கள் கேட்ட பவுன் நம்மால் முடியவில்லை. அடுத்த மாதம் மூவாயிரம் அனுப்பாதே. அதில் மதியச் சாப்பாட்டுக்கு மாத டோக்கன் எடுத்துக்கொள். பண்டிகைக்கு லீவு கிடைத்தால் வா. கிடைக்காவிட்டால் எந்த ஞாயிற்றுக்கிழமை என்று மட்டும் சொல், அன்று நீ வரும் வரை நான் சாப்பிடாமல் இருக்கிறேன்.

அப்பா
சிவதாபுரம், சேலம்