விஷுக் கதைக்குக் கைகொடுத்தவர்களுக்கு

கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்து உறவுகளே,

கதை அச்சுக்குப் போய்விட்டது. கடைசி வாரம் பட்ட பாடு உங்களுக்குத் தெரிந்ததுதான், அதைக் கிளற வேண்டாம்.

ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகளுக்கான கதை அது. கதை நாயகன் பன்னிரண்டு வயதுப் பையன். அவன் தாத்தா விஷு கொண்டாடுகிறவர். அம்மிச்சி லத்தீன் கத்தோலிக்கர். விஷுவும் பெரிய வெள்ளியும் ஒரே நாளில் வந்த 2022 ஏப்ரல் 15-ஐ அப்படியே எடுத்துக்கொண்டோம். கனி காண்பதில் சிக்கலே இல்லை. அரிசி, வெள்ளரி, கொன்றைப்பூ, கண்ணாடி, காசு எல்லாம் முந்தின இரவே உருளியில் ஏறிவிடும்; விடியலில் கண்ணைத் திறந்தால் போதும். சிலுவை வழிபாடோ பிற்பகல் 3 மணிக்குத்தான். நடுப்பகல் இலைச் சாப்பாட்டில்தான் பையன் மாட்டிக்கொண்டான். சைவ இலை, ஆகவே இறைச்சி விலக்கு தானாக நடந்துவிடும். நோன்பும் 18 வயது நிறைந்தவர்களுக்குத்தான் கடமை, பன்னிரண்டு வயதுக்காரனைச் சட்டம் தொடாது. ஆனாலும் நோன்பிருக்கும் அம்மிச்சியின் எதிரே அடைப் பாயசம் குடிக்க அவனுக்கு மனசில்லை. வேண்டாமென்றால் தாத்தா முகம் சுண்டிவிடும்.

முடிவு தெரியாமல் நின்ற கதையை நகர்த்தியவர், பெரிய வெள்ளிக்குப் பங்குக் கோவிலில் கஞ்சி காய்ச்சும் அக்கா ஒருவர். பாயசத்தை ஈஸ்டருக்கு எடுத்துவைத்தால் என்ன என்று பேச்சு வந்தது.

"தேங்காப்பால் ஊத்தினா ரெண்டு நாள் தாங்காதுங்க, புளிச்சுப் போயிரும். அடையை வெல்லப்பாகுல வரட்டி மட்டும் வைங்க, பாலை ஞாயித்துக்கிழமை புழிஞ்சுக்கலாம்" என்றார்.

விவரமும் அவரே சொன்னார். வெந்த அடையை நன்றாக வடித்து, வடிகட்டிய பாகில் நெய் விட்டுக் கிளற வேண்டும். பாத்திரத்தில் ஒட்டாமல் சுருண்டு வந்தால் பதம். நீர் நின்றால் கெடும். ஆறியதும் ஈரமில்லாத பாத்திரத்தில் போட்டு ஃப்ரிட்ஜில் வைக்கலாம். ஞாயிறன்று இரண்டாம் பாலில் கரைத்துக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்த பிறகே முதல் பால். அதைக் கொதிக்கவிட்டால் திரிந்துவிடும்.

கதைக்கு வேண்டியது இதுதான். பையன் பாயசத்தை மறுக்கவில்லை, பாதியில் நிறுத்திவைக்கிறான். முந்தின இரவு தாத்தாவோடு நின்று அவனே வரட்டுகிறான். நடுப்பகலில் சோறும் வேப்பம்பூப் பச்சடியும் சாப்பிட்டுவிட்டு அம்மிச்சியோடு கோவிலுக்குப் போகிறான். இரண்டு பண்டிகையும் ஒன்றே என்று அவனைப் பேசவைத்திருந்தால் பிள்ளைகளே நம்பியிருக்க மாட்டார்கள்.

படித்துக் காட்டச் சொன்ன ஏழாம் வகுப்பு ஆசிரியர், வழிபாட்டு நேரம் சரிபார்த்த பங்குத்தந்தை, கனி வைக்கும் முறை சொன்ன குருக்கள், படம் வரைந்த தம்பி, இரவெல்லாம் எழுத்துப்பிழை திருத்தியவர்கள் எல்லோருக்கும் நன்றி.

சாப்பாடு வரும் கதை எதுவானாலும், இனி முதல் பிரதி அந்த அக்கா கைக்குத்தான் போகும்.