அர்ச்சுனன் தபசு உபயத்துக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

நகரி பக்கம் எங்கள் ஊர் தர்மராஜா கோயில் திருவிழாவில், அர்ச்சுனன் தபசு நாள் தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டு உபயம். இந்த முறை அது நல்லபடியாக நடந்ததற்குக் காரணமானவர்களுக்கு நன்றி சொல்லவே இந்த மடல்.

உபயம் என்றால் மாலையும் பரிவட்டமும்தான் வெளியே தெரியும். அன்றைய நாளின் செலவு முழுக்க உபயகாரருடையது. காலையில் திரௌபதி அம்மனுக்கு அபிஷேகத்துக்குப் பால், தயிர், இளநீர், சந்தனம். அப்புறம் புடவை, பூ, நைவேத்தியம், மேளம். மதியம் பாரதம் படிக்கிறவருக்குச் சம்பாவனை. இரவுக் கூத்துக்குக் கொடுப்பதுதான் பெரிய தொகை, பாதிப் பணம் அதற்கே போய்விடும். கொடியேற்றம், பந்தல், தீமிதி விறகு இவையெல்லாம் நம் கணக்கில் வராது, வீட்டுக்கு வீடு வாங்கும் வரியிலிருந்து கோயில் கமிட்டி பார்த்துக்கொள்ளும். தாத்தா கோயில் பெயரில் போட்டுவைத்த டெபாசிட் வட்டி இன்றைக்குப் பூவுக்கே பத்தாது. மீதியைப் பங்காளிகள் நாங்கள் பிரித்துக்கொண்டோம்.

தபசு நாளுக்கு மட்டும் தனியாக ஒரு செலவு உண்டு, அர்ச்சுனன் ஏறும் மரம். வளைவில்லாத, உயரமான பனை வேண்டும். தன் கொல்லையில் நின்றதைக் காசு வாங்காமல் கொடுத்த தெலுங்கு வீட்டு மாமாவுக்கு முதல் வணக்கம். சீவி, இரண்டு பக்கமும் படிக்கட்டை அடித்து, மஞ்சள் பூசிக் கொடுத்த ஆசாரி அண்ணன் கூலியில் பாதியைத் திருப்பித் தந்துவிட்டார்.

நட்ட அன்று இரவே மழை. விடிந்து பார்த்தால் குழி மண் இளகி, ஒரு பக்கத்து வடம் தொய்ந்திருந்தது. மரம் சாய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம், கண்ணுக்குச் சாய்வு பிறகுதான் தெரியும். மேலத் தெருப் பையன்கள் குழியைத் தோண்டிக் கருங்கல் திணித்து, நான்கு வடத்தையும் புதிதாக இழுத்துக் கட்டினார்கள். இரண்டு பேரை ஏற்றி இறக்கிப் பார்த்த பிறகே கூத்து வாத்தியார் சரி என்றார்.

விரதமிருந்து அர்ச்சுனனாக ஏறியவருக்கு என்ன சொல்வது! படிக்கு ஒரு பாட்டாக நின்று பாடி, உச்சியில் சிவனிடம் பாசுபதம் கேட்டு, மடியிலிருந்து எலுமிச்சையும் பூவும் விபூதியும் வீசினார். பிள்ளை வரம் கேட்டு ஈரச் சேலையோடு கீழே காத்திருந்த பெண்களுக்குப் பழம் கிடைக்க வேண்டுமே என்று, கூட்டத்தை விலக்கி நின்ற எங்கள் அத்தைமார்களுக்கும் நன்றி. இல்லாவிட்டால் பொடிசுகளே எல்லாவற்றையும் பொறுக்கியிருக்கும்.

வரவு செலவைக் கோயில் சுவரில் ஒட்டியிருக்கிறோம், பாருங்கள். மீந்த கொஞ்சத்தைத் தீமிதி விறகுக்குக் கமிட்டியிடம் கொடுத்து ரசீது வாங்கியாகிவிட்டது.

இப்படிக்கு,
தபசு உபயகாரர் குடும்பத்தார்