தைப்பூசத் துண்டறிக்கை குறித்து நண்பருக்கு

ரோஸ் ஹில், மொரிசியஸ்,
5-1-2026

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். தங்கள் கடிதமும், கோவில் சபைக்காகத் தயாரான காவடித் துண்டறிக்கையின் படமும் வந்து சேர்ந்தன. தங்கள் பேத்தி மேல்நிலைத் தேர்வை நல்லபடியாக எழுதி முடித்தாள் என்று அறிந்து மகிழ்ந்தோம். இங்கே மழைக்காலம் தொடங்கிவிட்டது என்பதைத் தவிர வேறு புதினம் இல்லை. ஆகவே தாங்கள் பார்த்துச் சொல்லும்படி கேட்ட காரியத்துக்கே வருகிறேன்.

முதலில் தேதி. படத்தின் நடுவே பெரிய எழுத்தில் ‘குரோதி வருடம் தை 29, பிப்ரவரி 1, 2026, செவ்வாய்க்கிழமை’ என்று இருக்கிறது. பிப்ரவரி 1 சரி, மற்றவை தவறு. இந்த ஆண்டு தைப்பூசம் விசுவாவசு வருடம் தை 18, ஞாயிற்றுக்கிழமை. குரோதி, தை 29, செவ்வாய் ஆகிய மூன்றும் சேர்ந்து வரும் நாள் 2025 பிப்ரவரி 11. அதாவது சென்ற ஆண்டுத் தைப்பூசம். பழைய கோப்பைத் திறந்து ஆங்கிலத் தேதியை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். கொடியேற்ற வரியிலும் இதே கதைதான்: ‘ஜனவரி 22’ என்று திருத்தியவர், பக்கத்தில் ‘சனிக்கிழமை’ என்பதை அப்படியே விட்டுவிட்டார். அது வியாழக்கிழமை. சென்ற ஆண்டு கொடியேற்றம்தான் பிப்ரவரி 1, சனிக்கிழமையன்று நடந்தது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கீழே உள்ள பிரெஞ்சு வரியில் ஞாயிறு என்றே சரியாக இருக்கிறது. படத்தை அமைத்த பிள்ளைக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியும், தமிழ் வாசிக்கத் தெரியாது; அதனால் தனக்குப் புரிந்த வரிகளை மாற்றிவிட்டு, புரியாதவற்றைக் கோலம்போல அப்படியே வைத்திருக்கிறான். அவனைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் நம் பாட்டிமார் வாசிப்பது தமிழ் வரியை. பேரப்பிள்ளைகள் வாசிப்பது பிரெஞ்சு வரியை. ஒரே வீட்டில் இரண்டு கிழமை நிலவும். ஆகையால் தேதியைச் சரிபார்ப்பவர் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிராமல், பஞ்சாங்கத்தையும் அரசாங்க விடுமுறைப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மொழி வரியையும் தனித்தனியே ஒப்பிட வேண்டும். இந்த ஆண்டு அடிமை ஒழிப்பு நாளும் தைப்பூசமும் ஒரே தேதியில் வருவதால், பட்டியலில் அந்த ஞாயிற்றைக் கண்டுபிடிப்பது எளிது.

எழுத்துப் பிழைகளில் இரண்டு வகை இருக்கின்றன. ‘தைபூசம்’ என்பதில் ப் விடுபட்டது, ‘அணைவரும்’, ‘அண்ணதானம்’ ஆகியவை தட்டச்சுப் பிழைகள். ‘அன்புடன் அலைக்கிறோம்’ என்பதும் அவ்வகைதான். காவடி தூக்கி வருகிறவர்களை நாம் வேறு அலைக்க வேண்டுமா! மற்றொரு வகை, கொடியேற்றம், பெருமான், வேல் ஆகிய சொற்களில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் ஒட்டியிருப்பது. ஒரு சொல்லில் மட்டும் அப்படியென்றால் கை தவறியது எனலாம். கொம்பு வரும் இடமெல்லாம் ஒரே விதமாகக் கலைந்திருப்பதால், தமிழை அடுக்கத் தெரியாத மென்பொருளில் ஒட்டியிருக்கிறார்கள் என்று புரிகிறது. அதை ஓர் எழுத்தாகத் திருத்த முடியாது. சரியாகக் காட்டும் வேறு செயலியில் அந்த வரிகளை மீண்டும் இட வேண்டும்.

தொடர்பு விவரம்தான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது. பெயரே இல்லாமல் மூன்று எண்கள் இருக்கின்றன. எது பால்குடம் பதிவு செய்ய, எது அன்னதானத்துக்குப் பொருள் கொடுக்க என்று யாருக்கும் தெரியாது. மூன்றாவது எண் 7 என்ற இலக்கத்தில் தொடங்கி ஏழு இலக்கங்களோடு நின்றுவிடுகிறது. 2013ஆம் ஆண்டு கைப்பேசி எண்களின் முன்னே 5 சேர்க்கப்பட்டு எட்டு இலக்கமானது தங்களுக்கு நினைவிருக்கும். பழைய உறுப்பினர் பட்டியலிலிருந்து எடுத்ததாக இருக்கலாம். ஆனாலும் நாமே 5 சேர்த்துப் போட்டுவிடக் கூடாது. உரியவரிடம் கேட்டு, படத்தில் உள்ளபடியே எண்ணை அழுத்தி, அவர் எடுக்கிறாரா என்று பார்த்த பிறகே அச்சிட வேண்டும். ரீயூனியனிலிருந்து வரும் உறவினருக்காக முன்னால் +230 சேர்ப்பது நல்லது. ‘கோவில் மண்டபம்’ என்று மட்டும் இருக்கிறதே, எந்த ஊர்க் கோவில்? உங்கள் ஊருக்குள் அது போதும். படம் பத்துக் கை மாறித் திரியோலே போய்ச் சேர்ந்தால் போதாது.

தாங்கள் அனுப்பியது படம் மட்டுமே என்பதால் அதன் மேல் வெள்ளை பூசி எழுத வேண்டாம். அந்தப் பிள்ளையிடம் மூலக் கோப்பில் திருத்தச் சொல்லுங்கள். தமிழ் வரிகளை நான் தனியே தட்டச்சு செய்து இன்றிரவு அனுப்புகிறேன். முதல் படம் ஏற்கெனவே சிலருக்குப் போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் மற்றவர்களுக்கு அனுப்பிய பிரதிகளை நம்மால் அழிக்க முடியாது. ஆகவே புதிய படத்தின் தலைப்பில் ‘திருத்திய அறிவிப்பு’ என்று போட்டு, பின்னணி நிறத்தையும் மாற்றிவிடச் சொல்லுங்கள். இல்லையேல் இரண்டும் ஒன்றே என்று எண்ணி யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். எனக்கு மறுபடி அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள். இம்முறை வந்தது சுருங்கிப்போய், பெரிதாக்கியும் ணகரம் எது னகரம் எது என்று தெரியாமல் கண் வலித்தது.

வீட்டில் அனைவருக்கும் எங்கள் அன்பைத் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் பழைய வகுப்புத் தோழன்