சிறைக் கடிதத்தில் ‘எல்லாம்’ என்றால் எதெல்லாம்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

தேர்வு எழுதப் போகும் பிள்ளைகளுக்கான உங்கள் வாழ்த்துப் பக்கத்தில், “என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு” (பிலிப்பியர் 4:13) என்ற வசனம் வெற்றிக்கான வாக்குறுதியாக அச்சாகியிருந்தது. பிள்ளைகளை வாழ்த்துவதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் பவுல் எதற்காக இந்த வரியை எழுதினார் என்பது அந்தப் பக்கத்தில் விடுபட்டுவிட்டது.

இந்த வசனம் ஒரு நன்றிக் கடிதத்தின் நடுவில் வருகிறது. பவுல் கட்டுண்டு கிடக்கிறார். அந்த இடம் ரோமாபுரி என்பது பழைய மரபு. எபேசு என்றும் செசரியா என்றும் சொல்கிற அறிஞர்களும் உண்டு. எங்கேயானாலும், அக்காலக் காவலில் கைதியின் சோறும் துணியும் பெரும்பாலும் வெளியிலிருக்கும் உறவும் நட்பும் கொண்டுவந்து கொடுப்பதைப் பொறுத்தவை. மக்கெதோனியாவிலுள்ள பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்துவின் கையில் உதவி அனுப்பினார்கள். வந்த மனிதர் சாகும் அளவுக்கு நோயுற்றுப் பிழைத்தார். அந்த உதவி வந்து சேர்ந்தது என்று தெரிவிக்கும் பகுதிதான் 4:10 முதல் 20 வரை. “எல்லாம் எனக்குக் கிடைத்தது” என்று 18-ஆம் வசனத்தில் அவர் போடும் கிரேக்கச் சொல், அன்றைய வணிகர்கள் பணம் பெற்றுக்கொண்டதற்கு ரசீதில் எழுதிய அதே சொல்.

13-ஆம் வசனத்தின் ‘எல்லாம்’ எது என்று தேட வெளியே போக வேண்டியதில்லை, முந்தின வசனத்திலேயே இருக்கிறது. தாழ்ந்திருக்கவும் வாழ்ந்திருக்கவும் தெரியும் என்கிறார். திருப்தியும் பட்டினியும், நிறைவும் குறைவும் ‘எவ்விடத்திலும் எல்லாவற்றிலும்’ தமக்குப் பழகிவிட்டன என்கிறார். அங்கே உள்ள ‘எல்லாவற்றிலும்’ என்ற சொல்லும் அடுத்த வசனத்தின் ‘எல்லாவற்றையும்’ என்ற சொல்லும் மூலத்தில் ஒன்றே. மேலும், ‘செய்ய’ என்ற வினை மூலத்தில் இல்லை. ‘எல்லாவற்றிற்கும் எனக்குத் திராணியுண்டு, என்னைப் பலப்படுத்துகிறவருக்குள்’ என்ற அளவில்தான் வாக்கியம் நிற்கிறது. (‘கிறிஸ்து’ என்ற பெயரும் மிகப் பழைய கைப்பிரதிகளில் இல்லை, பிற்காலப் பிரதிகளில் சேர்ந்தது. ஆனாலும் ‘பலப்படுத்துகிறவர்’ யார் என்பதில் சந்தேகமில்லை.) நம் மொழிபெயர்ப்பில் ‘செய்ய’ வந்து சேர்ந்ததால், பசியைத் தாங்கும் பலம் காரியத்தைச் சாதிக்கும் பலமாக வாசிக்கப்படுகிறது.

இதைக் கடிதத்தை வைத்தே சோதிக்கலாம். எண்ணியதெல்லாம் முடியும் என்பது பொருளானால், விடுதலையைப் பற்றி அவர் உறுதியாகப் பேசியிருக்க வேண்டும். திரும்பி வருவேன் என்ற நம்பிக்கை அவருக்கு உண்டு (2:24). ஆனால் முதல் அதிகாரத்தில் ஜீவனாலாகிலும் சாவினாலாகிலும் கிறிஸ்து மகிமைப்பட வேண்டும் என்று இரண்டுக்கும் இடம் வைக்கிறார். எப்பாப்பிரோதீத்து பிழைத்ததையும் தம் சாதனையாகச் சொல்லவில்லை. தமக்குத் துக்கத்தின்மேல் துக்கம் வராதபடி தேவன் இரங்கினார் என்கிறார்.

‘மனரம்மியமாயிருக்க’ என்ற 11-ஆம் வசனச் சொல்லையும் பாருங்கள். அழகான தமிழ், ஆனால் மூலச்சொல்லின் பொருள் ‘தன்னிறைவு’. ஸ்தோயிக்கர் என்ற கிரேக்கத் தத்துவ வழியினர் விரும்பிய சொல் அது: ஞானி தனக்குள்ளேயே நிறைந்தவன், யார் தயவும் அவனுக்கு வேண்டாம். பவுல் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு, இரண்டே வசனம் தள்ளி, பலம் தம்முடையதல்ல, இன்னொருவர் தருவது என்று அதை உடைக்கிறார். 12-ஆம் வசனத்தில் ‘போதிக்கப்பட்டேன்’ என்று நாம் வாசிப்பதும் மூலத்தில் இரகசிய வழிபாடுகளில் தீட்சை பெறுவதற்குரிய சொல். பட்டினியிலும் அவருக்கு அந்தத் தீட்சை கிடைத்திருக்கிறது, விருந்திலும் கிடைத்திருக்கிறது. வாழ்ந்திருப்பதற்கும் பலம் வேண்டும் என்பதை நாம் கவனிப்பதே இல்லை.

இன்னொரு தவறு இதைவிடக் கொடியது என்று நினைக்கிறேன். கஷ்டப்படுகிறவரிடம் இந்த வசனத்தைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம், அவருக்குத்தான் பெலன் உண்டே என்று. பவுல் அதற்கு இடம் விடவில்லை. 14-ஆம் வசனம் ‘ஆனாலும்’ என்று தொடங்குகிறது: என் உபத்திரவத்தில் நீங்கள் உடன்பட்டது நலமாயிருக்கிறது. பட்டினி கிடக்கத் தெரிந்தவர் வந்த உணவுக்கு நன்றி சொல்கிறார். தெசலோனிக்கேயில் இருந்தபோது அவர்கள் ஒருமுறைக்கு இருமுறை அனுப்பியதையும் மறக்காமல் எழுதுகிறார்.

அடுத்த ஆண்டு வாழ்த்துப் பக்கத்தில் இதே வசனத்தைப் போடுவதானால், 12-ஐயும் 14-ஐயும் சேர்த்தே அச்சிட வேண்டுகிறேன். தேர்வில் தோற்ற பிள்ளையும் அப்போது அதை வாசிக்க முடியும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பாளையங்கோட்டை