தண்ணீரில் கரையுமா என்று எழுதுங்கள்: மருந்துக்கு அனுமதி தருவோருக்கும் மாத்திரை தயாரிப்போருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். மாத்திரைப் பெட்டிக்குள் நீங்கள் மடித்து வைக்கும் துண்டுச்சீட்டில் ஒரு வரி வருகிறது: "குழந்தைகளில் இம்மருந்தின் பாதுகாப்பும் பயனும் நிறுவப்படவில்லை." அந்த வரி அச்சிட்ட மாத்திரைகளைத்தான் என் மகள் பிறந்த ஏழாவது வாரத்திலிருந்து தினமும் சாப்பிடுகிறாள். அவளுக்கு இதயத்தில் ஓட்டை. அறுவை சிகிச்சைக்கு எடை கூட வேண்டும். எடை கூடும்வரை நுரையீரலில் நீர் கோக்காமல் பார்த்துக்கொள்ள கேப்டோப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் என்று இரண்டு மருந்துகள். இரண்டும் எங்களுக்குக் கிடைத்தது 25 மி.கி. மாத்திரையாக மட்டுமே. குழந்தைக்கென்று சொட்டு மருந்தோ சிரப்போ இல்லை. இந்தப் பின்னணி உங்களுக்குத் தெரியாததல்ல. அதனால் அதை விட்டுவிட்டு நடந்ததைச் சொல்கிறேன்.

மாத்திரையைப் பொடித்து 10 மி.லி. தண்ணீரில் கலக்கி, சிரிஞ்சில் குறிப்பிட்ட அளவை உறிஞ்சிக் கொடுத்துவிட்டு மீதியைக் கொட்டிவிடச் சொன்னார்கள். என் மகளுக்கு அப்போது 4 கிலோ. ஸ்பைரோனோலாக்டோன் வேளைக்கு 2 மி.கி., அதாவது 0.8 மி.லி. நான் கையை நன்றாகக் கழுவி, கலக்கி, பெரிய துகள்கள் சிரிஞ்சை அடைக்கக் கூடாதே என்று ஒரு நிமிடம் அடங்கவிட்டு, மேலே தெளிந்த நீரை எடுத்துக் கொடுப்பேன். இரண்டு வாரம் அப்படித்தான் போயிற்று. மூச்சு வாங்குவது குறையவில்லை. மருத்துவர் அளவை இரட்டிப்பாக்கி, வேளைக்கு 4 மி.கி., 1.6 மி.லி. என்று எழுதினார். அதற்கடுத்த வாரம் நான் வேலைக்குத் திரும்பினேன், மருந்து கொடுக்கும் பொறுப்பை அம்மா ஏற்றுக்கொண்டார். மருந்து வீணாகக் கூடாது என்று அவர் கிண்ணத்தைச் சாய்த்து அடியில் இருப்பதை உறிஞ்சுவார். யார் வேண்டுமானாலும் அப்படித்தான் செய்வார்கள்.

ஆறாவது நாள் குழந்தை பால் குடிக்க மறுத்தாள், இரண்டு முறை வாந்தி எடுத்தாள். இரத்தத்தில் பொட்டாசியம் 6.9, இதயத்துக்கே ஆபத்தான அளவு. குதிகாலில் குத்தி எடுத்த இரத்தத்தில் அணுக்கள் உடைந்து பொய்யாக அதிகம் காட்டுவதுண்டு என்று நரம்பிலிருந்து மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். அதிலும் 6.8. ஈசிஜியில் ஓர் அலை கூம்பாக எழுந்திருந்தது. இதயத்துடிப்பு தடுமாறாமலிருக்க கால்சியம் ஏற்றினார்கள். மூன்று நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தோம்.

அங்கே ஒரு மருந்தாளுநர்தான் முதல்முறையாக, "மருந்தை எப்படிக் கலக்குகிறீர்கள், செய்து காட்டுங்கள்" என்று கேட்டார். அம்மாவும் நானும் தனித்தனியே செய்து காட்டினோம். அவர் சொன்ன விஷயத்தை அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை. கேப்டோப்ரில் தண்ணீரில் எளிதில் கரையும். பொடித்துக் கலக்கினால் தண்ணீர் கலங்கலாகத் தெரிவது மாத்திரையில் சேர்த்த மாவுப் பொருளால்தான், மருந்து நீரில் கலந்துவிட்டிருக்கும். எந்த மூலையிலிருந்து உறிஞ்சினாலும் ஏறக்குறைய ஒரே அளவு கிடைக்கும். ஆனால் கரைத்த பின் நேரமானால் அது கெட்டுப்போகத் தொடங்கும், அதனால் வேளைக்கு வேளை புதிதாகக் கலக்க வேண்டும். ஸ்பைரோனோலாக்டோன் இதற்கு நேரெதிர். 10 மி.லி. தண்ணீரில் அது அரை மில்லிகிராம்கூடக் கரையாது. கலங்கலாகத் தெரிவதில் மருந்தும் சேர்ந்தே மிதக்கிறது, விட்டால் அடியில் போய்ப் படிகிறது. கண்ணுக்கு இரண்டு கிண்ணமும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

நான் மேல் நீரை எடுத்த நாட்களில் குழந்தைக்கு ஏறக்குறைய மருந்தே போகவில்லை. அம்மா அடியிலிருந்து எடுத்த நாட்களில் எவ்வளவு போயிற்று என்று யாராலும் சொல்ல முடியாது. 25 மி.கி. மருந்தும் அடியில் 2 மி.லி.க்குள் படிந்திருந்தால், 1.6 மி.லி.யில் 20 மி.கி. வரை ஏறியிருக்கலாம். எழுதித் தந்ததோ 4 மி.கி. ஸ்பைரோனோலாக்டோனைப் போலவே கேப்டோப்ரிலும் உடலில் பொட்டாசியத்தைத் தேக்கி வைக்கும் மருந்துதான், அதன் பங்கும் உண்டு, வாந்தியில் உடலின் நீர் வற்றியதன் பங்கும் உண்டு என்று மருத்துவர் சொன்னார். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. சிரிஞ்சில் என்ன போயிற்று என்பதற்கு எங்கும் பதிவில்லையே.

நான் கேட்பது ஒன்றுதான். துண்டுச்சீட்டில் இந்த மாத்திரை தண்ணீரில் கரையுமா, கரையாதா என்று எழுதுங்கள். உங்கள் மருந்து எவ்வளவு கரையும் என்பது அனுமதிக்கு விண்ணப்பித்த நாளிலிருந்தே உங்கள் கோப்பில் இருக்கிறது. புதிதாக எதையும் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை.

பச்சைக் குழந்தைக்கு இவ்வளவு என்று அளவை யார், எப்படி முடிவு செய்கிறார்கள் என்று மருத்துவரிடம் கேட்டேன். அவர் நேர்மையாகவே பதில் சொன்னார். பெரியவரின் அளவை 70 கிலோவால் வகுத்துக் குழந்தையின் எடையால் பெருக்கினால் சரியாக வராது என்றார். 10 கிலோ குழந்தைக்கு அந்தக் கணக்கில் ஏழில் ஒரு பங்கு வரும். ஆனால் கல்லீரலும் சிறுநீரகமும் மருந்தை வெளியேற்றும் வேகம் எடைக்கு நேராகக் குறைவதில்லை. எடை விகிதத்தின் முக்கால் அடுக்கு என்று ஒரு கணக்கு இருக்கிறது, அதன்படி பார்த்தால் கிட்டத்தட்ட கால் பங்கு தேவைப்படும். வலிப்புக்கான கபாபென்டின் மருந்தை ஆராய்ந்து பார்த்தபோது, 3, 4 வயதுக் குழந்தைகளுக்குப் பெரிய பிள்ளைகளைவிடக் கிலோவுக்கு அதிகம் தேவை என்று தெரியவந்ததாம். பிறந்த குழந்தைக்கோ கதை தலைகீழ். கல்லீரல் இன்னும் பழுக்காததால் மருந்து உள்ளேயே தங்கிவிடும். குளோராம்பெனிகால் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை எடைக் கணக்கில் கொடுத்துப் பச்சிளங்குழந்தைகள் சாம்பல் நிறமாகிச் செத்துப்போனது 1959-இலேயே மருத்துவ இதழ்களில் வந்துவிட்டது.

அதனால் என் மகள் வயதில் கணக்கு ஒரு தொடக்கம் மட்டும்தான். கேப்டோப்ரிலின் முதல் வேளையைக் கிலோவுக்கு 0.1 மி.கி. என்று மிகக் குறைவாகக் கொடுத்து, இரத்த அழுத்தம் விழுகிறதா என்று பக்கத்திலேயே இருந்து பார்த்தார்கள். பிறகு சிறுநீர், எடை, மூச்சு, பொட்டாசியம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் எல்லாம் பார்த்துப் பார்த்து ஏற்றுகிறார்கள். அளவு என்பது அந்தக் குழந்தையைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு போகும் ஒன்று. இந்த முறையில் எனக்குக் குறை இல்லை. ஆனால் எழுதிய அளவுதான் குழந்தையின் வாய்க்குள் போகிறது என்ற நம்பிக்கையில்தானே இதெல்லாம் நிற்கிறது? என் மகளுக்கு அளவை இரட்டிப்பாக்கியவர் 2 மி.கி. போதவில்லை என்று நினைத்தார். போகாத மருந்துக்காக அளவை ஏற்றினோம், ஐயா. அவர் மேலும் தவறில்லை, என் அம்மா மேலும் தவறில்லை. அந்த மூன்று நாட்களும் அம்மா என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"நிறுவப்படவில்லை" என்ற உங்கள் வரியை இப்போதெல்லாம் படிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. நிறுவ வேண்டியது யார்? இரண்டும் பல பத்தாண்டுகளாக உலகெங்கும் குழந்தைகளுக்குக் கொடுக்கப்படும் மருந்துகள். ஒவ்வொரு குழந்தை மருத்துவமனையிலும் கொடுக்கிறார்கள் என்பது உங்களுக்கு நன்றாகவே தெரியும். அந்த வரி என் குழந்தையைக் காக்கவில்லை, எழுதியவர்களைத்தான் காக்கிறது. காப்புரிமை தீர்ந்த மலிவு மருந்தைக் குழந்தைகளிடம் ஆராய யாரும் பணம் போடுவதில்லை. அமெரிக்காவில் 2003-இலும் ஐரோப்பாவில் 2007-இலும் வந்த சட்டங்கள் பெரும்பாலும் புதிய மருந்துகளுக்குத்தான் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துகின்றன. காப்புரிமை தீர்ந்த பழைய மருந்துகளுக்குப் பெரும்பாலும் ஊக்கம் மட்டும்தான். பச்சைக் குழந்தைகளின் இதயத்துக்குக் கொடுப்பதோ பெரும்பாலும் பழைய மருந்துகள்.

முடியாத காரியம் என்றும் சொல்லாதீர்கள். கேப்டோப்ரிலின் உறவுக்கார மருந்தான எனலாப்ரில் 1980களிலிருந்து பெரியவர்களுக்கு இருக்கிறது. 2023-இல் ஐரோப்பாவில் அதற்கு 0.25 மி.கி. அளவில், குழந்தையின் வாயிலேயே கரையும் சின்னஞ்சிறு மாத்திரைக்கு அனுமதி கொடுத்தார்கள். பொடிக்க வேண்டாம், கலக்க வேண்டாம், எத்தனை மாத்திரை என்று எண்ணிப் போட்டால் போதும். அதற்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆயின. என் மகளால் நாற்பது ஆண்டுகள் காத்திருக்க முடியாது. அதனால்தான் மாத்திரையைக் கேட்காமல் ஒரு வரியைக் கேட்கிறேன்.

குரல் உயர்ந்திருந்தால் மன்னிக்கவும். பணிவாகவே கேட்டுக்கொள்கிறேன். தண்ணீரில் கரையுமா என்று எழுதுங்கள். கரையாது என்றால், இந்த மாத்திரையைக் கலக்கி ஒரு பகுதியை மட்டும் எடுத்துக் கொடுக்காதீர்கள் என்று எழுதுங்கள். கரையும் என்றால் எவ்வளவு தண்ணீரில், எவ்வளவு நேரத்துக்குள் என்று சோதித்துப் பார்த்து எழுதுங்கள். அனுமதி தரும் இடத்தில் இருப்பவர்கள், அடுத்த முறை உரிமத்தைப் புதுப்பிக்கும்போது அந்த வரி இல்லாமல் கையெழுத்திட வேண்டாம்.

இன்னொன்று இருக்கிறது. இப்போது மருத்துவமனை மருந்தகத்தில் ஸ்பைரோனோலாக்டோனைக் கெட்டியான திரவத்தில் சீராக மிதக்கவிட்டு, குலுக்கிக் கொடுக்கும்படி பாட்டிலில் தருகிறார்கள். 1 மி.லி.யில் 5 மி.கி. சென்ற மாதம் வேறொரு மருந்தகத்தில் வாங்கியபோது 1 மி.லி.யில் 10 மி.கி. இருந்தது. அதே நிறம், அதே பாட்டில். பழைய பழக்கத்தில் 1 மி.லி. எடுத்த பிறகு, சிரிஞ்சைக் கீழே வைத்துவிட்டுச் சீட்டை மறுபடி படித்ததால் தப்பித்தோம். குழந்தைகளுக்கென்று தயாரித்துக் கொடுக்கும் ஒவ்வொரு மருந்துக்கும் ஒரே செறிவை நிர்ணயிக்க உங்களால் முடியும். அதற்கு ஆராய்ச்சிகூட வேண்டியதில்லை, ஓர் உத்தரவு போதும்.

மகளுக்கு இப்போது 5.2 கிலோ. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். அதுவரை தினம் இரண்டு வேளை அந்தப் பாட்டிலைக் குலுக்க வேண்டியிருக்கிறது. இந்த இரண்டு மாத்திரைகளின் துண்டுச்சீட்டையாவது எப்போது திருத்துவீர்கள் என்று எழுத்து மூலம் பதில் தரும்படி வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்