குளிர்காலக் கோட்டு கடைசியில் வாங்கலாம்

அன்புள்ள முருகேசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வேலை உறுதியாகி, டிசம்பர் முதல் வாரத்தில் நீயும் தங்கச்சியும் கனடாவுக்கு, இந்த ஒட்டாவாவில் வந்து இறங்குகிறீர்கள் என்று படித்தவுடன், பாளையங்கோட்டை விடுதி அறையில் இருந்த ஒரே மின்விசிறிக்கு நேர் கீழே யார் படுப்பது என்று நாம் போட்ட சண்டைதான் நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டில் எல்லோரும் நலம். பெரியவளுக்கு இது பள்ளியில் கடைசி வருடம் என்பதால் வீடு கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

சென்னையில் ஒரு கடையில் கனமான கோட்டு ஒன்றைப் பார்த்து வைத்திருப்பதாகவும், அதையே இருவருக்கும் வாங்கிவிடலாமா என்றும் கேட்டிருந்தாய். தயவுசெய்து வாங்காதே. கோட்டு கடைசியில் வாங்க வேண்டிய பொருள். அதற்கு உள்ளே என்ன போடப் போகிறாய் என்பது முடிவான பிறகுதான் அதன் அளவே முடிவாகும். இதை நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். இங்கு வருவதற்கு முன் ஒரு செப்டம்பர் மாதத்தில், வியர்த்து வழிய, அரைக்கைச் சட்டையின் மேல் ஒரு கோட்டைப் போட்டுப் பார்த்து, அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறது என்று மகிழ்ந்து வாங்கி வந்தேன். ஜனவரியில் அதற்குள் ஒரு ஸ்வெட்டரையும் போட்டபோது, மூச்சை உள்ளிழுத்துப் பிடித்தால்தான் ஜிப் மேலே ஏறியது. அதைவிட வேடிக்கை, ஸ்வெட்டர் இல்லாத நாளைவிட அன்றைக்குத் தோளும் முதுகும் அதிகமாகக் குளிர்ந்தன. காரணம் பிறகுதான் புரிந்தது. நம்மைச் சூடாக வைத்திருப்பது துணி அல்ல. துணிக்குள்ளும் துணிகளுக்கு இடையிலும் அசையாமல் நிற்கும் காற்று. கோட்டு இறுக்கமாக இருந்தால் உள்ளே அடைத்திருக்கும் இறகுத்தூவியோ பஞ்சோ நசுங்கித் தட்டையாகி, அந்தக் காற்று வெளியேறிவிடுகிறது.

ஆகையால் தோலில் இருந்து தொடங்குவோம். நம் ஊரில் பருத்தி பனியன் நமக்குச் செய்யும் உபகாரம், வியர்வையை உறிஞ்சித் தன்னிடம் வைத்துக்கொண்டு, அது மெல்ல ஆவியாகும்போது உடம்பைக் குளிர்விப்பது. அதே குணம் இங்கே பகையாகிவிடும். நீ ஒரு நாள் அவசரமாக நடந்து பேருந்து நிறுத்தத்துக்குப் போகிறாய் என்று வைத்துக்கொள். வெளியே மைனஸ் 20 ஆனாலும் கோட்டுக்குள் முதுகு வியர்க்கும். பிறகு பேருந்துக்காக அசையாமல் நிற்கும்போது, நனைந்த பனியன் முதுகில் ஒட்டிக்கொண்டு உடம்புச் சூட்டை எடுத்துக்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து வரும் குளிரை எந்தக் கோட்டாலும் ஓரளவு தடுத்துவிடலாம், உள்ளே ஈரத்தை நாமே கட்டிக்கொண்டு நின்றால் அதற்கு மருந்து கிடையாது. எனவே தெர்மல் உள்ளாடை வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, உள்ளே தைத்திருக்கும் துண்டுச் சீட்டில் பருத்தி எத்தனை சதவீதம் என்பதை. நம் பக்கத்தில் 'தெர்மல்' என்ற பெயரில் விற்பவற்றில் பலவும் பருத்தி கலந்தவை; வீட்டுக்குள் போட்டுக்கொள்ளவும் ஊட்டிக்குப் போய்வரவும் அவை போதும், இங்கே வெளியில் நடக்கப் போதாது.

எடுக்கத் தக்கவை இரண்டு: மெரினோ கம்பளி, பாலியெஸ்டர். மெரினோ என்பது அந்தப் பெயருள்ள ஆட்டின் மிக மெல்லிய இழை; நம் பழைய கம்பளிச் சட்டைபோல் அரிக்காது, தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொண்ட பிறகும் தோலில் ஈரமாக உறைக்காது, இரண்டு மூன்று நாள் போட்டாலும் நாற்றம் எடுக்காது. குறை என்னவென்றால் விலை அதிகம், சூடான உலர்த்தி இயந்திரத்தில் போட்டால் சுருங்கிப்போகும். பாலியெஸ்டர் மலிவு, சீக்கிரம் உலரும், ஆனால் ஒரே நாளில் வாடை பிடித்துவிடும். எங்கள் வீட்டில் ஆளுக்கு மெரினோ ஒன்றும் பாலியெஸ்டர் இரண்டும் வைத்திருக்கிறோம். உனக்கும் அதையே சொல்வேன். மெரினோவில் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று 150, 200, 250 எனப் போட்டிருப்பார்கள். அலுவலகம் போய்வருகிறவனுக்கு 200 சரியாக இருக்கும். 250 என்றால் கட்டடத்துக்குள் பத்து மணிக்கே புழுங்கும்.

அளவில்தான் பலரும் தவறுகிறார்கள். கோட்டு தாராளமாக இருக்க வேண்டும் என்று சொன்ன அதே வாயால் சொல்கிறேன், தெர்மல் தோலோடு ஒட்டியிருக்க வேண்டும். தொட்டுக்கொண்டிருந்தால்தான் அது வியர்வையை வெளிப்பக்கம் கடத்தும். தொளதொளவென்றிருந்தால் வியர்வை தோலிலேயே நிற்கும். மேல் தெர்மலைப் போட்டுக்கொண்டு இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிப் பார்; இடுப்பில் தோல் தெரிந்தால் நீளம் போதாது, அந்த இடைவெளியில்தான் நாள் முழுவதும் குளிர் நுழையும். கால் பகுதிக்கும் ஒன்று கட்டாயம் வேண்டும். ஜீன்ஸ் பருத்தி என்பதால் அதை மட்டும் போட்டு நடந்தால் தொடை மரத்துப்போகும்.

நடு அடுக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. ஃபிளீஸ் என்னும் மெத்தென்ற பாலியெஸ்டர் மேல்சட்டை அல்லது கம்பளி ஸ்வெட்டர், எதுவானாலும் முன்பக்கம் முழு ஜிப்போ பொத்தானோ உள்ளதாக எடு. இங்கே அலுவலகம், கடை, வீடு எல்லாமே 21 டிகிரிக்குப் பக்கத்தில் சூடாக்கப்பட்டிருக்கும்; தலைவழியாக உருவும் ஸ்வெட்டரைத் திறந்துவிட வழியில்லை, கழற்றத்தான் வேண்டும்.

இப்போது கோட்டுக்கு வருகிறேன். கடைக்குப் போகும்போது தெர்மலையும், உன்னிடம் இருப்பதில் மிகத் தடித்த ஸ்வெட்டரையும் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். சட்டை அளவு மீடியம் என்றால் கோட்டில் லார்ஜ் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அதை நம்பாதே, ஏனென்றால் சில நிறுவனங்கள் உள்ளே ஸ்வெட்டர் வரும் என்று எண்ணியே அளவை வெட்டியிருப்பார்கள், சிலர் உடம்போடு ஒட்ட வெட்டியிருப்பார்கள். ஜிப்பைத் தாடை வரை ஏற்று. பேருந்தில் கம்பியைப் பிடிப்பதுபோல் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டு. முதுகு இழுபடக் கூடாது, கோட்டுக் கையின் நுனி மணிக்கட்டைத் தாண்டி மேலே ஏறக் கூடாது. பிறகு தோளிலும் தோள்பட்டையின் பின்பக்கத்திலும் விரலால் தொட்டுப் பார். மற்ற இடங்களில் இருக்கும் புடைப்பு அங்கும் இருக்கிறதா, தட்டையாகிவிட்டதா என்று தெரியும். தட்டையானால் அடுத்த அளவு. கடைசியாக, மூடிய கோட்டுக்குள் நெஞ்சுப் பக்கம் மடக்கிய கைமுஷ்டி ஒன்று நுழையும் இடம் இருக்கிறதா என்று பார். அதற்கு மேலும் இடம் இருந்தால் அதுவும் தவறு; நடக்கும்போது கோட்டின் கீழ்ப்பகுதி துருத்திபோல் குளிர்காற்றை உள்ளே இழுக்கும்.

கோட்டில் ஒட்டியிருக்கும் 'மைனஸ் 30 வரை' என்ற சீட்டை நான் பொருட்படுத்துவதில்லை. எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவுகோல் ஒன்றின்படி அதைப் போடுவதில்லை. அதேபோல் ஃபில் பவர் 700, 800 என்று பெரிதாக அச்சிட்டிருப்பதைப் பார்த்தும் மயங்காதே. அது தூவியின் தரத்தைச் சொல்கிறதே தவிர, எத்தனை கிராம் அடைத்திருக்கிறார்கள் என்பதைச் சொல்வதில்லை. கொஞ்சமாக அடைத்த 800-ஐவிட நிறைய அடைத்த 550 சூடாக இருக்கும். கையில் எடுத்து அழுத்திவிட்டு, விரைவாக மீண்டு புடைக்கிறதா என்று பார்ப்பது எனக்கு அந்த எண்ணைவிட உதவியிருக்கிறது. தூவி நனைந்தால் கட்டியாகிச் சூட்டை இழந்துவிடும் என்பது உண்மைதான், ஆனால் ஒட்டாவாவின் ஜனவரி பெரும்பாலும் உலர்ந்த குளிர். பனி மேலே விழுந்தால் தட்டிவிட்டால் போய்விடும். நவம்பரும் மார்ச்சும்தான் மழையும் பனிச்சேறுமாக இருக்கும், அதற்கு நீர் புகாத மெல்லிய மேலங்கி ஒன்றை ஸ்வெட்டர் மேல் போட்டுக்கொண்டால் சமாளிக்கலாம்.

காற்றைத் தடுக்கும் வெளித்துணியும், ஜிப்புக்கு மேல் ஒரு மடிப்பும், தொடை வரை நீளமும் ஏன் வேண்டும் என்று ஒரு நாளைக் கொண்டு சொல்கிறேன். வெப்பநிலை மைனஸ் 15, காற்று மணிக்கு 30 கிலோமீட்டர் என்றால், இங்கு வானிலையில் சொல்லும் காற்றுக்குளிர்க் கணக்கில் அது மைனஸ் 26 ஆகிவிடும். அப்படிப்பட்ட காலையில் நான் 200 மெரினோ மேலும் கீழும், அதன்மேல் சட்டை, ஃபிளீஸ், கோட்டு என்று போட்டுக்கொள்கிறேன். நிறுத்தத்துக்குப் பத்து நிமிட நடை. வீட்டு வாசலைத் தாண்டியதும் லேசாகக் குளிர வேண்டும். அப்போதே இதமாக இருந்தால் நடந்து முடிப்பதற்குள் வியர்த்துவிடும் என்று பொருள். நடக்கும்போது கழுத்துப் பக்கம் ஜிப்பைக் கொஞ்சம் இறக்கி வைத்து, நின்றதும் ஏற்றிவிடுவேன். பேருந்தில் ஏறிய கணமே கோட்டையும் ஃபிளீஸையும் திறந்துவிடுவேன். அலுவலகத்தில் கோட்டைக் கழற்றியதும் சட்டைக்குள் முதுகைத் தடவிப் பார். ஈரம் இருந்தால் மறுநாள் ஒரு அடுக்கைக் குறை. முதுகு உலர்ந்திருந்து இடுப்பும் மணிக்கட்டும் மட்டும் சில்லிட்டிருந்தால் அடுக்கு போதாது என்று நினைக்காதே, எங்கோ இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம்.

தங்கச்சிக்கு ஒன்று சொல். பெண்களுக்கான கோட்டுகளில் பல, நெஞ்சில் சரியாக இருந்தாலும் இடுப்புக்குக் கீழே பிடிக்கும். முழங்கால் வரை நீளமுள்ளதாக எடுக்கும்போது கீழிருந்தும் திறக்கும் இரட்டை ஜிப் உள்ளதாகப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பேருந்தில் உட்கார முடியாது. சுடிதாருக்குள் தெர்மல் கால்சட்டை சுலபமாகப் போகும். புடவைக்குள்ளும் போடலாம், என் மனைவி கோவிலுக்கு அப்படித்தான் போகிறாள். ஆனால் கரைந்த பனிச்சேற்றில் கொசுவத்தின் விளிம்பு நனைந்து முழங்கால் வரை ஈரம் ஏறிவிடுவதால், காரில் போகும் நாளுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்கிறாள்.

நீங்கள் இறங்கும் அன்றைக்கு இரண்டு பழைய கோட்டுகளோடு விமான நிலையத்துக்கு வருகிறேன். என்னுடையது உனக்குக் கொஞ்சம் பெரிதாக இருக்கும், நான் இங்கு வந்து போட்ட உடம்பு அப்படி. அங்கிருந்து வரும்போது வழக்கமாகப் போடும் முழுக்கைச் சட்டைகளும், கையில் ஒரு ஸ்வெட்டரும் இருந்தால் போதும். அடுத்த சனிக்கிழமை தெர்மலை முதலில் வாங்கி, அதைப் போட்டுக்கொண்டே கோட்டுக் கடைக்குப் போவோம். பெட்டியில் கோட்டுக்காக ஒதுக்கிய இடத்தில் மாவடு ஊறுகாய் கொண்டு வா.

அன்புடன்,
சுந்தரம்