சொதி சாம்பாராக வேண்டாம்: நெல்லைச் சீமை உணவகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

திருநெல்வேலி, பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், தென்காசிப் பக்கம் ஓட்டலும் மெஸ்ஸும் அல்வாக் கடையும் நடத்தும் அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும், அவர்களுக்குப் படம் எடுத்துக் கொடுக்கும் ஸ்டுடியோக்காரர்களுக்கும் வணக்கம்.

உணவுப் படங்களுக்கு நிறம் திருத்தும் வேலையில் இருக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். கேட்பது ஒன்றுதான்: உங்கள் மெனு அட்டையிலும் ஆர்டர் செயலியிலும் இருக்கும் சொதியின் படத்தை எடுத்து, இன்று அடுப்பில் இருந்து இறக்கிய சொதிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலான படங்களில் அது சாம்பார் நிறத்தில் இருக்கிறது. சொதியில் புளி கிடையாது, சாம்பார்ப் பொடி கிடையாது. தேங்காய்ப்பாலின் வெண்மையும் பாசிப்பருப்பின் மெல்லிய மஞ்சளும் சேர்ந்த இளம் நிறம் அது. மறுவீட்டு விருந்தில் அதைச் சாப்பிட்டு வளர்ந்தவருக்குப் படத்தைப் பார்த்ததுமே வேறேதோ குழம்பு என்று தோன்றும். வெளியூர்க்காரர் மஞ்சளைப் பார்த்து ஆர்டர் செய்துவிட்டு, வெள்ளையாக வந்ததும் தண்ணீர் கலந்துவிட்டார்கள் என்று நினைப்பார்.

யாரும் வேண்டுமென்று சொதியை மஞ்சளாக்குவதில்லை. ஒரு தவறைச் சரிசெய்யப் போய் இன்னொன்று, அதைச் சரிசெய்யப் போய் மூன்றாவது என்று சங்கிலியாக வந்து சேர்கிறது. முதல் கண்ணி வாழை இலை. ஒரு காட்சியில் எந்த நிறம் மிகுந்திருக்கிறதோ அதை விளக்கின் குற்றம் என்று எடுத்துக்கொண்டு, அதற்கு எதிர்நிறத்தைச் சேர்க்கும் பழக்கம் கேமராவின் தானியங்கி வெள்ளைச் சமநிலைக்கு உண்டு. படத்தில் பாதிக்கு மேல் பச்சை இலை என்றால் அது மெஜந்தாவைக் கூட்டிவிடும். சோறு இளஞ்சிவப்பாகத் தெரியும். அதை மறைக்க, படம் திருத்தும் செயலியில் நீலத்தையும் மஞ்சளையும் கூட்டிக் குறைக்கும் Temp-ஐ மஞ்சள் பக்கம் தள்ளுவோம். சோறு ஓரளவு தேறும், சொதி மஞ்சளாகிவிடும். இதற்குள் இலையின் பச்சை மங்கியிருக்கும். அதை எழுப்ப, எல்லா நிறங்களின் அழுத்தத்தையும் கூட்டும் Saturation-ஐ 25, 30 என்று ஏற்றுவோம். சொதி சாம்பாராகி முடிந்தது. கடைசிப் படியில் ஏற்றிய நிறத்தைக் குறைத்தால் மட்டும் இது தீராது. முதல் கண்ணியையே வெட்ட வேண்டும்.

ஆகவே படம் எடுக்கும் இடத்திலிருந்து தொடங்குவோம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஜன்னலோரம் ஒரு மேசை போதும். மேலே எரியும் டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சம் ஒரு நிறம், டியூப் லைட் இன்னொரு நிறம். இலையின் ஒரு பாதியில் ஒன்றும் மறுபாதியில் மற்றொன்றும் விழுந்தால், படம் முழுவதற்கும் ஒரே அளவில் வேலை செய்யும் வெள்ளைச் சமநிலை இரண்டையும் ஒருசேரத் திருத்த முடியாது. ஜன்னலுக்கு எதிர்ப்புறம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைச் சாய்த்து நிறுத்தினால் நிழல் தெளியும். சுவரில் பச்சையோ ரோஸோ பூசியிருந்தால் மேசையை அங்கிருந்து நகர்த்துங்கள். அந்தச் சுவரும் சொதியில் நிறத்தை விடும்.

அடுத்து, கேமரா கடைகளில் கிடைக்கும் சாம்பல் நிற அட்டை. சொதிக் கிண்ணம் இருக்கும் இடத்தில் அதை வைத்து முதலில் ஒரு படம் எடுத்துவிட்டு, பிறகு அட்டையை எடுத்துவிட்டுச் சாப்பாட்டை எடுங்கள். கேமரா தானே நிறம் திருத்தாத மூலக் கோப்பான RAW-வாக எடுப்பது நல்லது. போனில் எடுத்தால், பல போன்களின் Pro வகையில் அந்த வசதி இருக்கும். உணவைக் கண்டதும் தானே நிறமேற்றும் Scene optimizer, Food போன்றவற்றை அணைத்து வையுங்கள். அவை ஏற்றிய நிறத்தின் மேல் நாமும் ஏற்றுவதில்தான் பாதிப் படங்கள் கெடுகின்றன.

அட்டை இல்லையே என்று சோற்றின் மேல் அளவு பிடிப்பவர்கள் உண்டு. புழுங்கலரிச் சோறு இயல்பிலேயே லேசான பழுப்பு மஞ்சள். அதை வெள்ளை என்று சொல்லிக் கொடுத்தால் மொத்தப் படமும் நீலத்துக்குப் போகும். வெள்ளைத் தாளிலும் சிக்கல் இருக்கிறது. தாளைப் பளிச்சென்று காட்டச் சேர்க்கும் பொருளால் ஜன்னல் வெளிச்சத்தில் அது நீலச்சாயலாகத் தெரியும்; அதை நம்பினால் படம் மஞ்சளாகும். எவர்சில்வர்த் தட்டு சுற்றியிருப்பதை எல்லாம் பிரதிபலிக்கும், அதையும் நம்ப முடியாது.

இனி ஒரு படத்தை முழுதாகத் திருத்திப் பார்ப்போம். இலையில் சோறு, நடுவில் சொதிக் கிண்ணம், பக்கத்தில் இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு சிப்ஸும். செயலி Lightroom. சாம்பல் அட்டைப் படத்தில் வெள்ளைச் சமநிலைச் சொட்டுக்குழாயை வைத்து எடுத்தபோது Temp 5300, Tint +5 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். Tint என்பது பச்சையையும் மெஜந்தாவையும் கூட்டிக் குறைப்பது. அதே எண்களைச் சாப்பாட்டுப் படத்தில் இடுங்கள். சூடான உணவு என்ற உணர்வு வர Temp-ஐ இன்னும் 200 கூட்டலாம், 300 வரை போகலாம். அதற்கு மேல் போனால் முதலில் நிறம் மாறுவது சொதிதான், கவனித்துக்கொள்ளுங்கள்.

பிறகு வெளிச்சம். வெளிர்நிறப் பண்டத்தைக் கேமரா எப்போதும் கொஞ்சம் இருட்டாகவே எடுக்கும். இருண்ட சொதி அழுக்குச் சாம்பலாகத் தெரியும், அதைப் பார்த்துத்தான் பலர் நிறம் போதவில்லை என்று முடிவு செய்கிறார்கள். அங்கே குறைவது வெளிச்சம். Exposure-ஐ +0.4 முதல் +0.7 வரை ஏற்றிப் பாருங்கள். சோற்றுப் பருக்கைகளின் விளிம்பு கரைந்தால் Highlights-ஐ 20 அளவு இறக்குங்கள். Contrast-ஐ அதிகம் தொடாதீர்கள். அது ஏறும்போது நிறங்களும் கூடவே ஏறும்.

இப்போது அளந்து பார்க்கலாம். கணினியில் Lightroom-இன் Develop பகுதியில், படத்தின் மேல் சுட்டியை வைத்தால் Histogram வரைபடத்தின் கீழே சிவப்பு, பச்சை, நீலம் என்ற R, G, B மூன்றும் சதவீதமாகத் தெரியும். சொதியின் மேல் ஏறக்குறைய R 88, G 85, B 75 இருந்தால் இளந்தேங்காய்ப்பால் நிறம் சரியாக இருக்கிறது. நீலம் சிவப்பைவிட 10 முதல் 15 வரை குறைந்திருக்கலாம் என்பது எங்கள் கைக்கணக்கு. 25-க்கு மேல் குறைந்தால் சாம்பார்ப் பக்கம் சாய்ந்துவிட்டது. பச்சை எண் மற்ற இரண்டையும்விடக் கீழே போனால் இலையால் வந்த மெஜந்தா இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். Tint-ஐ இரண்டு மூன்று புள்ளி பச்சைப் பக்கம் நகர்த்த வேண்டும்.

இந்த இடத்தில் Vibrance பற்றி ஒரு வார்த்தை. Saturation முரட்டுத்தனமானது, Vibrance பாதுகாப்பானது என்று எல்லோரும் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். மற்ற பண்டங்களுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். சொதிக்குப் பொருந்தாது. Vibrance ஏற்கெனவே அழுத்தமாக இருக்கும் நிறங்களை விட்டுவிட்டு, வெளிறிய நிறங்களைத்தான் கூடுதலாக ஏற்றும். இலையில் சோற்றை விட்டால் எல்லாவற்றிலும் வெளிறியது சொதி! ஆகவே இரண்டையும் பூஜ்யத்திலேயே விடுங்கள். காரட் துண்டு கொஞ்சம் எழும்ப வேண்டுமென்றால் Color Mixer-இல் Orange-க்கு மட்டும் Saturation +8 கொடுத்தால் போதும். சிப்ஸின் பொன்னிறமும் அதோடு சேர்ந்து எழும். Yellow-வைத் தொடவே வேண்டாம்.

இலையைப் பொறுத்தவரை எங்கள் கருத்து கொஞ்சம் கண்டிப்பானது: அதன் பச்சையைக் குறைக்க வேண்டும். பளிச்சென்ற இலை கண்ணை இழுத்து, பக்கத்தில் இருக்கும் சொதியை வெளிறச் செய்கிறது. ஆனால் Green Saturation-ஐ நேரடியாக இறக்கினால் பீன்ஸும் கறிவேப்பிலையும் சேர்ந்து வாடும். தூரிகை முகமூடியால் இலையை மட்டும் பூசி, அங்கே Saturation −12 வையுங்கள். இன்னொரு முகமூடி கிண்ணத்தின் அடிவிளிம்புக்கு. இலையில் பட்டுத் தெறிக்கும் பச்சை அங்கே படிந்திருக்கும். Tint +7 அளவில் மெஜந்தா கொடுத்தால் வெள்ளைக் கிண்ணம் மீண்டும் வெள்ளையாகும்.

எந்தச் செயலியாலும் திருத்த முடியாத ஒன்றும் இருக்கிறது. சொதியை ஊற்றிவைத்துப் பத்து நிமிடம் போனால் மேலே ஆடை படிந்து பளபளப்புப் போய்விடும். மங்கிய பரப்பைப் பார்க்கும் கை தானாக நிறத்தை ஏற்றப் பார்க்கும். கரண்டியால் கலக்கி, ஒரு கரண்டி முதல் பால் மேலே விட்டு, மறுபடி எடுங்கள்.

அல்வாவில் தவறு வேறு மாதிரி நடக்கிறது. கோதுமைப்பாலும் சர்க்கரையும் நெய்யும் நெடுநேரம் கிண்டுவதால் வரும் செம்பழுப்பு அது. Saturation ஏறினால் சிவப்பு மட்டும் முதலில் உச்சத்தைத் தொட்டு நின்றுவிடும். அதன்பின் அந்தப் பகுதியில் மேடு பள்ளம் எதுவும் தெரியாது. மெழுகில் செய்தது போல ஒரே தட்டையாக இருக்கும். கலர்ப் பொடி போட்ட அல்வா என்று வாடிக்கையாளர் நினைப்பது இப்படிப்பட்ட படங்களைப் பார்த்துத்தான். கணினியில் வரைபடத்தின் வலது மூலை முக்கோணம் சிவப்பாக மாறினால் அதுதான் நடந்திருக்கிறது. Red, Orange இரண்டிலும் Saturation-ஐ முக்கோணம் அணையும் வரை இறக்குங்கள்.

அல்வாவுக்குள்ளேயே ஒரு சோதனைக் கருவி இருக்கிறது. நெய்யின் மினுமினுப்பு அல்வாவின் நிறத்தைக் காட்டாது, மேலே விழும் விளக்கின் நிறத்தைத்தான் காட்டும். படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கி அந்த மினுக்கங்களைப் பாருங்கள். அவை வெண்மையாக இருந்தால் விளக்கின் சாயல் நீங்கிவிட்டது. ஆரஞ்சாக இருந்தால் குண்டு பல்பின் மஞ்சள் இன்னும் படத்தில் இருக்கிறது, அல்வாவின் சிவப்பில் ஒரு பங்கு பல்பினுடையது. மலிவான எல்.இ.டி. விளக்குகள் பலவற்றில் ஆழ்ந்த சிவப்பு குறைவு. அவற்றின் கீழ் எடுத்த அல்வா மண் நிறமாகவே வரும், திருத்தி மீட்க முடியாது. பகலில் வாசலுக்குக் கொண்டுவந்து நிழலில் எடுப்பதுதான் வழி.

படத்தை வெளியே அனுப்பும்போது sRGB என்று தேர்ந்தெடுங்கள். வேறு நிறவெளியில் போனால் சில செயலிகளில் நிறம் செத்துத் தெரியும். அதைக் கண்டு கடைக்காரர் மறுபடி ஏற்றச் சொல்வார். திருத்தும் போனின் திரை Vivid-இல் இருந்தால் Natural-க்கு மாற்றி, கண்ணுக்கு இதமான மஞ்சள் திரை வசதியையும் அணைத்துவிடுங்கள்.

ஸ்டுடியோக்காரர்கள் திருத்த உட்காரும்போது, அதே பானையிலிருந்து ஒரு கிண்ணம் சொதியை ஜன்னலோரம் அவர்கள் பக்கத்தில் வைக்க ஏற்பாடு செய்யுங்கள். சாப்பாட்டு நிறங்கள் ஞாபகத்தில் எப்போதும் கொஞ்சம் ஏறித்தான் இருக்கும். கிண்ணத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்து, இரண்டும் ஒன்றானதும் நிறுத்தச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நெல்லையிலும் பாளையிலும் உணவுப் படங்களுக்கு நிறம் திருத்துவோர்